8 செ.மீ. வாய், 200 மில்லி பிடிக்கும் பேப்பர் கூம்பு: தட்டையா வரையும்போது ஆரம், கோணம் எவ்வளவு?

சுண்டல்பொட்டலம்
சுண்டல் கொடுக்க அடியில கூரா இருக்குற கூம்பு கப் வேணும். வாய் விட்டம் 8 செ.மீ., தலைதட்டி 200 மில்லி பிடிக்கணும். கொள்ளளவு சூத்திரத்துல போட்டுப் பார்த்தா உயரம் 12 செ.மீ.ன்னு வருது, 201 மில்லி. அதுவரைக்கும் சரி. இப்போ இதைத் தாள்ல தட்டையா வரையணும். 12 செ.மீ. ஆரத்துல வட்டம் போட்டு அதுல ஒரு துண்டை வெட்டினா போதுமா? எத்தனை பாகை வெட்டணும்? கையில இருக்கிறது சாதாரண ஏ4 தாள், ஸ்கூல் காம்பஸ், பாகைமானி. கப்பை நிறுத்தி வைக்கப் பலகையில ஓட்டை போடணும், அதோட அளவும் யாராவது சொன்னா நல்லது.

அரைவட்டம்77
இதுக்குப் பாகைமானியே வேண்டாம்ங்க. ஒரு வட்டம் வரைஞ்சு சரிபாதியா வெட்டுங்க. அரைவட்டத்தைச் சுருட்டினா கூம்பு தானா வந்துடும். வாய் எத்தனை செ.மீ. வேணுமோ அதுவே வட்டத்தோட ஆரம். உங்களுக்கு 8 செ.மீ. வாய், அப்போ 8 செ.மீ. ஆரம். கணக்கு முடிஞ்சுது.

வில்லும்நாணும்
அரைவட்டம் சார் சொன்ன விதி தப்பில்ல. ஆனா அதுல ஒரே ஒரு வடிவக் கூம்புதான் கிடைக்கும். எந்த அளவு அரைவட்டத்தைச் சுருட்டினாலும் நுனிக்கோணம் 60 பாகைதான், சாயுயரமும் வாய் விட்டமும் சமமாத்தான் இருக்கும். 8 செ.மீ. வாய் வச்சா உயரம் 6.9 செ.மீ.தான் வரும், 116 மில்லிதான் பிடிக்கும். கேட்டவருக்கு 200 வேணும். வாயையும் உயரத்தையும் நாம முடிவு பண்ணிட்டா கோணத்தை அந்த ரெண்டும்தான் முடிவு பண்ணும், நம்ம விருப்பத்துக்கு வைக்க முடியாது.

இப்போ ஆரம். வெட்டுற துண்டோட ஆரம் கூம்போட உயரம் இல்ல, சாயுயரம். நுனியிலேர்ந்து வாய் விளிம்புக்குக் கூம்போட மேல்பக்கமாவே அளந்தா வர்ற நீளம். தாள்ல வரையுறப்போ காம்பஸ் முள் குத்துற இடம் நுனியாகுது, பென்சில் போற வில் வாயாகுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது சாய்வான தூரம்தானே. வாயோட ஆரம் 4, உயரம் 12. பிதாகரஸ் போட்டா √(16 + 144) = 12.65 செ.மீ.

12-யே ஆரமா வச்சு, வாய் 8 வர்ற மாதிரி வெட்டினா கப் ஒழுங்காத்தான் ஒட்டும், பார்க்கவும் நல்லாத்தான் இருக்கும். உயரத்தை அளந்தா 11.3 செ.மீ. இருக்கும், 190 மில்லிக்குக் கொஞ்சம் கம்மியா பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தப்பு இது. மில்லி ஊத்திப் பார்த்தாத்தான் பிடிபடும்.

அடுத்து கோணம். வில்லோட நீளம்தான் சுருட்டினதும் வாயோட சுற்றளவா மாறுது. வாய்ச் சுற்றளவு 8 × 3.1416 = 25.13 செ.மீ. 12.65 ஆரத்துல முழு வட்டம் வரைஞ்சா அதோட சுற்றளவு 79.5 செ.மீ. அதுல 25.13 எத்தனை பங்கோ, 360-ல அத்தனை பங்கு. சுருக்கமா சொன்னா 360-ஐ வாயோட ஆரத்தால பெருக்கிச் சாயுயரத்தால வகுத்தா போதும். 360 × 4 ÷ 12.65 = 113.8 பாகை.

எக்ஸெல்ல போடணும்னா A1-ல வாயோட ஆரம் (விட்டம் இல்ல), B1-ல உயரம்:

```
=SQRT(A1^2+B1^2)
=360*A1/SQRT(A1^2+B1^2)
```

முதல் வரி ஆரம், ரெண்டாவது கோணம்.

சுண்டல்பொட்டலம்
புரிஞ்சுது, நன்றி. ஆனா என் காம்பஸ் 12.65 அளவுக்கு விரியல. பாகைமானியில 113.8-ன்னு எப்படிக் குறிக்கிறது? அதுல அரை பாகைக் கோடுகூடக் கிடையாது.

வில்லும்நாணும்
காம்பஸ் வேண்டாம். பழைய நோட்டு அட்டையில 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்க. ஒரு முனையில குண்டூசி, அதுலேர்ந்து 12.65 தள்ளி பென்சில் முனை நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை. ஸ்கேல்ல 12.6-க்கும் 12.7-க்கும் நடுவுல. ஊசியை அசையாம பிடிச்சுக்கிட்டுப் பட்டையைச் சுத்தினா வில் வந்துடும். தாளுக்கு அடியில பழைய ரப்பரோ தெர்மோகோலோ வைங்க. ஊசி குத்துற ஓட்டை கப்போட நுனியிலேயே வந்து உட்காரும், அதனால லேசா குத்தினா போதும்.

கோணத்துக்குப் பாகைமானி போதும், 114-ன்னே வைங்க. இந்த ஆரத்துல ஒரு பாகை தவறினா வில்லுல 2.2 மி.மீ.தான் மாறும், வாய் விட்டத்துல 0.7 மி.மீ. சுண்டலுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா சின்னப் பாகைமானியில குறிச்ச கோட்டை 12.65 வரைக்கும் நீட்டுறப்போ ஸ்கேல் கொஞ்சம் நகர்ந்தாலும் ரெண்டு மூணு பாகை போயிடும். அதைவிட நம்பகமானது நாண். வில்லோட ஒரு முனையிலேர்ந்து மறுமுனைக்கு நேர்கோட்டுத் தூரம்:

```
2 × 12.65 × sin(113.8° ÷ 2) = 21.2
```

முதல் கோட்டை வரைஞ்சு, அது வில்லைத் தொடுற இடத்துல ஸ்கேலோட பூஜ்யத்தை வைங்க. 21.2 எங்க வில்லைத் தொடுதோ அங்க புள்ளி வச்சு, அதிலேர்ந்து ஊசிக்குத்துக்குக் கோடு போடுங்க. பாகைமானியைத் தொடவே வேண்டாம். போன் கால்குலேட்டர்ல போட்டு 21.2-க்குப் பதிலா 8.7 மாதிரி ஏதாவது வந்தா அது ரேடியன்ல இருக்கு, டிகிரிக்கு மாத்துங்க.

தகரவேலை
தகரப் புனல் வெட்டுறவங்க இந்த சைன் எல்லாம் போடுறதில்ல தம்பி. வாய் வட்டத்தைத் தனியா வரைஞ்சு 12 பாகமா பிரி. ஒரு பாகத்துக்கு டிவைடரைத் திற. அதே திறப்புல பெரிய வில்லுல 12 எட்டு நடந்து போ. எங்க நிக்குதோ அதுதான் முடிவு. எந்த அளவுக்கும் பொருந்தும், கால்குலேட்டர் தேவையில்ல.

வில்லும்நாணும்
அண்ணே, இது பழைய நல்ல வழிதான். ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்த்துக்கலாம். டிவைடர் அளக்கிறது வளைவை இல்ல, நேர்தூரத்தை. சின்ன வட்டத்துல வளைவு அதிகம், பெரிய வில்லுல வளைவு கம்மி. ஒரே திறப்பு சின்ன வட்டத்துல அதிக வளைவை விழுங்கும், பெரிய வில்லுல கம்மியா விழுங்கும். அதனால 12 எட்டு நடந்தா மொத்தத்துல கொஞ்சம் குறையும். இந்தக் கப்புக்குப் போட்டுப் பார்த்தேன். 113.8-க்குப் பதிலா 112.7 பாகைதான் வருது. வாய் 0.8 மி.மீ. சிறுசாகும். 24 பாகமா பிரிச்சா அந்தப் பிழை கால்வாசியாகி 0.2 மி.மீ.க்கு வந்துடும். பேப்பருக்கு 12 போதும். மூடி போட்டு இறுக்கமா உட்கார வேண்டிய பொருளுக்கு 24.

தகரவேலை
அதனாலதான் கடைசி எட்டை ஒரு முடி தள்ளி வைக்கணும்னு பெரியவங்க சொல்றது. காரணம் இப்பத்தான் தெரியுது. தகரத்துல பூட்டு மடிப்புக்கு ரெண்டு பக்கமும் தனியா சேர்க்கணும், அது வேற கணக்கு. பேப்பர்ல ஒட்டுறதுக்கு எவ்வளவு விடுறீங்க? அதை யாரும் சொல்லலையே.

வில்லும்நாணும்
சரியான இடத்தைத் தொட்டீங்க. பாதிப் பேர் கோட்டை விடுற இடம் அதுதான்.

113.8 பாகை வாய்ச் சுற்றளவுக்கு மட்டும். ஒட்டுப்பட்டை அதுக்கு வெளியில. ஒரு நேர்விளிம்புக்கு அந்தப்பக்கம், வாய்ப் பக்கத்துல 12 மி.மீ., நுனிப் பக்கத்துல 5 மி.மீ. அகலம் விட்டு ஒரு சாய்ந்த கோடு. அந்தப் பழைய நேர்விளிம்பைக் கோடாவே விட்டு வைங்க, ஒட்டுறப்போ எதிர்விளிம்பு அந்தக் கோட்டுமேல வந்து உட்காரணும். பட்டையோட வாய்ப்பக்க முனையையும் அதே வில்லைத் தொடர்ந்து வெட்டுங்க. நேரா வெட்டினா ஒட்டின பிறகு வாய்ல ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு நிக்கும்.

பட்டையை உள்ளேயே எடுத்தா, அதாவது 113.8 வெட்டிட்டு அதுலேர்ந்து 12 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்றா ஒட்டினா, வாய்ச் சுற்றளவு 25.1-லேர்ந்து 23.9-க்குப் போகும். விட்டம் 7.6. கப் 183 மில்லிதான் பிடிக்கும். பன்னிரண்டு மி.மீ.தானேன்னு தோணும், ஆனா ஒரு கப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு கரண்டி குறையுது.

பட்டையை ஏன் நுனியில சுத்தமா சுழியாக்கக் கூடாதுன்னா, அங்க ஒட்டப் பிடிமானமே இருக்காது, அழுத்தினா அங்கேர்ந்துதான் திறக்கும். ஏன் 12 மி.மீ.யாவே கீழ வரைக்கும் விடக் கூடாதுன்னா, நுனியில சுத்தளவே சில மி.மீ.தான், அங்க 12 மி.மீ. பட்டை சுருண்டு கட்டியாகி நுனி மூடாது.

மருதாணி_செல்வி
மருதாணி கோனுக்கும் இதே கணக்கா அக்கா? வாய் 4 செ.மீ., நீளம் 14 செ.மீ. செலோபேன் தாள்ல சுத்துறோம். கணக்கு போட்டா 51 பாகைதான் வருது, ஆனா நாங்க வெட்டுற முக்கோணம் அதைவிட ரொம்பப் பெரிசு. எங்க தப்பு?

வில்லும்நாணும்
(அக்கா இல்ல, அண்ணன்.) தப்பு எங்கேயும் இல்லம்மா. 51 பாகைங்கிறது ஒரே ஒரு சுத்துக்கு. மருதாணி கோன்ல நுனி உருவாகுறது முக்கோணத்தோட நீளப் பக்கத்து நடுவுல. அந்தப் புள்ளியைச் சுத்தி 180 பாகை தாள் இருக்கு. 180-ஐ 51-ஆல வகுத்தா மூணரைச் சுத்து. அதாவது உங்க கோன்ல மூணரை அடுக்கு தாள் இருக்கு. அழுத்திப் பிழியுறப்போ வெடிக்காம இருக்கிறதுக்கும், நுனி ஊசி மாதிரி மூடுறதுக்கும் அதுதான் காரணம். முக்கோணத்தோட மூலைகள் நுனியிலேர்ந்து ஒரே தூரத்துல இல்லாததால வாய் கோணலா வரும். அதை நீங்க மடிச்சுக் கட்டிடுறீங்க, அதனால பாதகமில்ல. வாய் நேரா இருக்கணும்னா முக்கோணத்துக்குப் பதிலா 14.1 ஆரத்துல அரைவட்டம் வெட்டிச் சுத்துங்க.

சுண்டல்பொட்டலம்
அப்போ சுண்டல் ஈரத்துக்கு நானும் ரெண்டு சுத்து வச்சுக்கலாமா?

வில்லும்நாணும்
தாராளமா. கோணத்தை ரெண்டால பெருக்குங்க, 227.7 பாகை. ஆரம் அதே 12.65. ஏ4 தாள்ல நீளவாக்குல 25.3 செ.மீ., குறுக்குவாக்குல 17.8 செ.மீ. எடுத்துக்கும், ஒரு தாளுக்கு ஒண்ணு. ஒட்டுப்பட்டை தேவையில்ல, கடைசி விளிம்பை மட்டும் ஒட்டினா போதும். ஆனா ரெண்டு சுத்துனாலும் சாதாரணத் தாள் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமா இழுக்கும், அவ்வளவுதான். உள்ளே பட்டர் பேப்பர் வச்சாத்தான் நிஜமா தாங்கும்.

அச்சுக்கூடம்
ரெண்டு சுத்துக்கு ஒரு தாள் வீணாக்குறதுக்கு முன்னாடி ஒரு யோசனை. வாய் 8 செ.மீ. கட்டாயமா? பலகை ஓட்டையை இன்னும் போடலைன்னா 200 மில்லி மட்டும் இருந்தா போதும்தானே?

அப்படின்னா கால்வட்டமா வெட்டுங்க. 14.7 செ.மீ. ஆரம், 90 பாகை. வாய் 7.35 செ.மீ., உயரம் 14.2 செ.மீ., கொள்ளளவு அதே 201 மில்லி. 90 பாகைங்கிறதால தாளோட மூலையே கோணம், பாகைமானியும் வேண்டாம், நாணும் வேண்டாம். ஏ4-ஐ நடுவுல வெட்டினா ஒரு பாதி 14.85-க்கு 21 செ.மீ. அதுல 14.7 ஆரம் கச்சிதமா உட்காரும், 21 செ.மீ. பக்கத்துல 6 செ.மீ. மிச்சம். மூலையிலேர்ந்து அந்தப் பக்கமா 1.2 செ.மீ. கீழ இறக்கி நுனியை வைங்க. இறக்கின அந்தக் கீற்றுதான் ஒட்டுப்பட்டை, நுனிப்பக்கம் மட்டும் 5 மி.மீ.க்குச் சாய்ச்சு வெட்டிடுங்க. ஒரு தாளுக்கு ரெண்டு கப். 113.8 பாகையில நாணைச் சாய்க்காம தாள் அகலத்துல நேரா வச்சா ரெண்டு வராது, ஏன்னா 21.2 செ.மீ. நாண் தாளோட 21 செ.மீ. அகலத்துல அடங்காது. ரெண்டு மி.மீ.ல போகுது.

கோணத்தை முதல்ல தாளுக்கு ஏத்த மாதிரி வச்சுட்டு, ஆரத்தை அப்புறம் தேடுறதுதான் அச்சுக்காரன் புத்தி. கால்வட்டம்னா வாய் விட்டம் எப்பவும் ஆரத்துல பாதி. 14.7-ல பாதி 7.35. அரைவட்டம்னா ஆரமே விட்டம்.

இன்னொண்ணு, தாளுக்கு நார் ஓட்டம்னு ஒண்ணு உண்டு. நார் போற திசைக்கு இணையான அச்சுல தாள் எளிதா சுருளும், குறுக்கே சுருட்டினா முறுக்கிட்டு நிக்கும். நுனியிலேர்ந்து வாய்க்குப் போற நடுக்கோடு நார் திசையில இருந்தா கூம்பு உருண்டையா வரும். குறுக்கே இருந்தா ஒட்டு இடம் பிளக்கப் பார்க்கும், வாய் முட்டை மாதிரி நசுங்கும். நகலெடுக்கிற ஏ4-ல பெரும்பாலும் நார் நீளவாக்குல போகும். ஒரு தாளை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சண்டை போடாம வளையுதோ அதுதான். கால்வட்டத்துல நடுக்கோடு 45 பாகையில விழும், அதனால ரெண்டுக்கும் நடுவுல. 80 ஜிஎஸ்எம்-ல இது பெரிசா தெரியாது. 250 ஜிஎஸ்எம் அட்டைக்குப் போனா நல்லாவே தெரியும். அப்போ ஒட்டுறதுக்கு முன்னாடி மேசை விளிம்புல வச்சு இழுத்து ஒரு வளைவு கொடுத்துக்கோங்க.

அரைவட்டம்77
அப்போ என் அரைவட்டம், உங்க கால்வட்டம். நானும் பாதி ஜெயிச்சேன்.

சரி, நம்ம ஊர்ல நியூஸ்பேப்பர்லதானே காலம் காலமா மடிக்கிறோம்? பெரிய தாள், எத்தனை கப் வேணும்னாலும் வெட்டலாமே.

அச்சுக்கூடம்
சாப்பாட்டுக்கு அது வேண்டாம். அச்சு மை எண்ணெய்லயும் சூட்டுலயும் இறங்கும். உணவுப் பொருளை நியூஸ்பேப்பர்ல கட்டக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ-யே சொல்லியிருக்கு. அளவு சரியான்னு பார்க்க மாதிரி வெட்டுறதுக்கு மட்டும் நியூஸ்பேப்பர் அருமை.

எண்ணெய்_செட்டு
எனக்குக் கப் வேண்டாம், புனல் வேணும். எண்ணெயைப் பெரிய டின்லேர்ந்து பாட்டிலுக்கு ஊத்த. மேல 12 செ.மீ., கீழ 1.2 செ.மீ., உயரம் 9. முதல்ல சொன்ன மாதிரி ஆரம் √(6² + 9²) போட்டேன், 10.8 வந்துச்சு. அந்த ஆரத்துல வரைஞ்சு நுனியைக் கொஞ்சம் கிள்ளிட்டா சரியா வருமா?

வில்லும்நாணும்
வராது. அந்த 9 செ.மீ. உயரம் நுனி வரைக்கும் உள்ள உயரம் இல்ல, கீழ் ஓட்டை வரைக்கும்தான். நுனி அதுக்கும் கீழ எங்கேயோ இருக்கு. கிள்ளினா உயரம் 9-க்குக் கீழ போயிடும்.

இதுக்கு ரெண்டு வில் வேணும், ஒரே மையத்துல. முதல்ல சாய்வு நீளம். மேல ஆரம் 6, கீழ 0.6, வித்தியாசம் 5.4. √(5.4² + 9²) = 10.5. இதுதான் ரெண்டு வில்லுக்கும் நடுவுல உள்ள தூரம். 5.4 அகலம் குறையுறதுக்கு 10.5 ஆகுதுன்னா, மொத்தம் 6-ம் குறைஞ்சு நுனிக்கு வர்றதுக்கு 10.5 × 6 ÷ 5.4 = 11.66. அது பெரிய வில்லோட ஆரம். சின்ன வில்லுக்கு 11.66-லேர்ந்து 10.5 கழிச்சா சுமார் 1.17 செ.மீ. கோணம் 360 × 6 ÷ 11.66 = 185 பாகை. அரைவட்டத்தைவிட அஞ்சு பாகை அதிகம். தாள்ல 23.3 செ.மீ. நீளவாக்குல போகும், ஏ4-ல அடங்கும். ஒட்டுப்பட்டை தனி.

முதல்ல பெரிய வில், சின்ன வில் ரெண்டையும் ஒரே ஊசிக்குத்துலேர்ந்து போடுங்க, அப்புறம் வெட்டுங்க. சின்ன வில்லை கடைசியா வெட்டணும். முதல்ல வெட்டிட்டா மையம் போயிடும், நேர்விளிம்பு எதை வச்சு வரைவீங்க?

அரைவட்டம்77
185-ன்னா என் அரைவட்டத்துக்குப் பக்கத்துலதானே இருக்கு! ஒட்டுப்பட்டைக்குத் தனியா விட்டு, 180-லயே முடிச்சா என்ன?

வில்லும்நாணும்
முடிக்கலாம், இந்தத் தடவை உங்க பக்கம்தான். 180 வச்சா மேல்வாய் 11.66, கீழ 1.17, உயரம் கொஞ்சம் கூடும். எண்ணெய்க்கு இது எந்தப் பாதிப்பும் இல்ல. ஆய்வகப் புனலும் 60 பாகைக் கோணம்தான். அதனாலதான் வட்ட வடிகட்டித் தாளை நாலா மடிச்சு, ஒரு பக்கம் மூணு அடுக்கு, ஒரு பக்கம் ஒரு அடுக்குன்னு பிரிச்சா அது புனல்ல ஒட்டி உட்காருது. அது அரைவட்டம்தான், சராசரியா ரெண்டு அடுக்கா.

மாவு, மிளகாய்ப்பொடி மாதிரி பொருளுக்கு மட்டும் இவ்வளவு அகலமான புனல் ஒத்துவராது, வாய்ல பாலம் கட்டிட்டு நிக்கும். பொடிக்கு 90-100 பாகைத் துண்டுல நீளமா செய்யுங்க, கீழ் ஓட்டையும் பெரிசா வைங்க.

தகரவேலை
புனல்ல ஒட்டுப்பட்டை உள்ளே வரணுமா, வெளியிலயா? தகரத்துல உள்பக்கம் மழமழன்னு இருக்கணும்னு மடிப்பை வெளியில விடுவோம்.

அச்சுக்கூடம்
பேப்பர்ல பட்டையை உள்ளே விட்டு மேல் விளிம்பை வெளியில ஒட்டினா, வெட்டின முனை எண்ணெயில படாது, ஊறாது. அதுதான் நல்லது.

வில்லும்நாணும்
எதை உள்ளே விட்டாலும் ஏதோ ஒரு வெட்டு விளிம்பு உள்ளே தெரியத்தான் செய்யும், ஒன்றன்மேல் ஒன்றா வச்சா அப்படித்தான். உள்பக்கம் ஒட்டு மேல நீளமா ஒரு செல்லோடேப் ஒட்டிட்டா ரெண்டு பேர் சொல்றதும் நடக்கும்.

அச்சுக்கூடம்
எண்ணெய்ல செல்லோடேப் கழண்டு வரும் சார். நான் இதுல உடன்படல.

சுண்டல்பொட்டலம்
கால்வட்டத்துல ஒண்ணு வெட்டிப் பார்த்தேன், உட்கார்ந்துச்சு. ரெண்டு சந்தேகம். நுனியில அரிசி அளவுக்கு ஓட்டை தெரியுது. ஒட்டு இடத்துல வாய் விளிம்பு ரெண்டு மி.மீ. படி மாதிரி ஏறி இறங்குது. ரெண்டும் ஏன்?

வில்லும்நாணும்
படி வந்தா ரெண்டு நேர்விளிம்பும் ஒரே நீளம் இல்லன்னு அர்த்தம். ஏதோ ஒரு விளிம்புக்கோடு ஊசிக்குத்து வழியா போகாம பக்கத்துல போயிருக்கு. கால்வட்டத்துல இதுக்குக் காரணம் பெரும்பாலும் தாள் மூலையையே மையம்னு நினைச்சுட்டு, நுனியை 1.2 கீழ இறக்கினதை மறந்து ஒட்டுறது. எதிர்விளிம்பை தாள் ஓரத்தோட பொருத்தாம, இறக்கின கோட்டோட பொருத்துங்க. ஒட்டின கப்பைத் தலைகீழா மேசையில வச்சுப் பாருங்க. ஆடாம நின்னா வில் சரி. ஒரே ஒரு இடத்துல தூக்கினா ஒட்டு தப்பு. எதிரெதிரா ரெண்டு இடத்துல தூக்கினா கப்பு நசுங்கியிருக்கு, வரைஞ்சதுல தப்பில்ல.

நுனி ஓட்டைக்கு வருத்தப்படாதீங்க. தாளுக்குத் தடிமன் இருக்கிறவரை நுனி கணிதப் புள்ளியா மூடாது. கடைசி ஒன்றரை செ.மீ.யைத் தட்டி ஒரு பக்கமா மடிச்சு, ஒரு சொட்டு கோந்து வச்சு ஒட்டுங்க. அதுல போகிற கொள்ளளவு அரை மில்லிகூட இல்ல. கூம்புல நுனிப்பக்கம் ஒண்ணுமே பிடிக்காது. பாதி உயரம் வரைக்கும் நிரப்பினா மொத்தத்துல எட்டுல ஒரு பங்குதான், 25 மில்லி.

சுண்டல்பொட்டலம்
பாதி உயரத்துக்கு 25 மில்லியா? அரை அளவு கேட்குறவங்களுக்குப் பாதி வரைக்கும் போட்டுக் கொடுக்கலாம்னு இருந்தேன்!

வில்லும்நாணும்
அப்படிக் கொடுத்தா வாங்குறவங்க சண்டைக்கு வருவாங்க. 100 மில்லி வேணும்னா நுனியிலேர்ந்து உயரத்துல கிட்டத்தட்ட 0.79 பங்கு நிரப்பணும். 14.2 செ.மீ. கப்புல 11.3 செ.மீ. உயரம். வெட்டுறதுக்கு முன்னாடியே தட்டையா இருக்கிறப்போ நுனியிலேர்ந்து 11.7 செ.மீ. ஆரத்துல உள்பக்கம் ஒரு மெல்லிய வில் போட்டுடுங்க. சுருட்டினா உள்ளே சுத்திவர ஒரு வரையா தெரியும்.

பலகை ஓட்டை: கூம்பு எந்த விட்டத்துல நிக்கணுமோ அந்த விட்டம்தான். 7.35 வாய் இருக்கிற கப்புக்கு 5.5 செ.மீ. ஓட்டை போட்டா, நுனியிலேர்ந்து 10.6 செ.மீ. வரைக்கும் கீழ இறங்கி நிக்கும், மேல 3.6 செ.மீ. தெரியும். எடுக்கவும் கைபிடிக்கவும் அது போதும். பலகைக்கு அடியில 11 செ.மீ.க்குக் குறையாம இடம் விடுங்க. நுனி மேசையில முட்டினா கப் ஓட்டையில உட்காராம ஆடும்.

தகரவேலை
ஓட்டை விளிம்பைக் கூரா விடாதே தம்பி, உப்புத்தாள் போட்டு மழுக்கிடு. ஈரப் பேப்பர் அந்த விளிம்புலதான் முதல்ல கிழியும்.

மருதாணி_செல்வி
அரைவட்டம் வெட்டிச் சுத்திப் பார்த்தேன் அண்ணா, வாய் நேரா வருது. ஆனா செலோபேன்ல ஊசி குத்தின இடத்துலேர்ந்து நுனி கிழியுது. வேற வழி இருக்கா?

அச்சுக்கூடம்
ஊசி குத்தாதீங்க. அட்டையில ஒரு தடவை அரைவட்டம் வெட்டி வச்சுக்கோங்க, அதைச் செலோபேன் மேல வச்சு பிளேடால சுத்தி வெட்டுங்க. சுண்டல்காரருக்கும் அதேதான். அம்பது கப்புக்கு அம்பது தடவை வரைய வேண்டாம், ஒரு நல்ல அட்டை வார்ப்பு போதும். பத்துத் தாளை அடுக்கிக் கிளிப் போட்டு வெட்டினா அடித் தாள்ல வில் ஒரு மி.மீ. வெளியே போகும், பிளேடு சாயுறதால. நாலஞ்சோட நிறுத்திக்கோங்க.